சூடும் இல்லை, புரோட்டீனும் இல்லை. பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

"புரோட்டீன் நமக்கு ஒத்துக்காதுங்க, ஒரே சூடு, வயித்தால போகுது" என்கிறார்கள் புரோட்டீன் பார் சாப்பிட்டு வயிறு கெட்டவர்கள். மதுரை வெயிலில் எதற்கும் சூட்டைக் காரணம் சொல்லிவிடலாம் என்பதால், இந்தப் பேச்சு இங்கே எடுபட்டுவிடுகிறது. உடனே நன்னாரி சர்பத், ஊறவைத்த வெந்தயம், நாலு டம்ளர் மோர். அதற்கும் நிற்காவிட்டால், மருந்துக்கடையில் வாய்வார்த்தையாகக் கேட்டு ஒரு ஆன்டிபயாட்டிக். கடைசியில் தயிர், முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, "இப்ப என்ன சாப்பிடறதுன்னே தெரியல" என்று வந்து உட்காருகிறார்கள். கைப்பையில் மட்டும் அந்த "நோ ஆடட் சுகர்" புரோட்டீன் பார் பத்திரமாக இருக்கும். அதை நிறுத்தவேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. விலை அப்படி.

சர்க்கரை போடாமல் ஒரு பாரை இனிப்பாகவும், மெல்லும்போது மெத்தென்றும் செய்வதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, பாலியால் எனப்படும் சர்க்கரை ஆல்கஹால்: மால்டிடால், சார்பிடால், சைலிடால், எரித்ரிடால். (பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம், போதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) இன்னொன்று, தனியாகச் சேர்க்கப்படும் நார்ச்சத்து. பெரும்பாலும் அது சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் இன்யூலின். நம் காபித்தூளில் கலக்கும் அதே சிக்கரிதான். ஆனால் ஒரு டம்ளர் காபியில் இறங்குவது துளி, ஒரு பாரில் இருப்பது கிராம் கணக்கு. சிறுகுடலில் முழுதாக உறிஞ்சப்படாத பாலியால் தண்ணீரை இழுக்கும். பெருங்குடலுக்குப் போய்ச் சேருவதைக் கிருமிகள் புளிக்கவைத்து வாயுவாக்கும். அவ்வளவுதான் விஷயம்.

இனி அந்தப் புரோட்டீன் பழிக்கு வருவோம், ஏனென்றால் எரிச்சலே அதில்தான். "வே புரோட்டீனில் லாக்டோஸ் இருக்கு, அதனாலதான்" என்று ஜிம் நண்பர்கள் சொல்வார்கள். பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீனில் பாலின் சர்க்கரையான லாக்டோஸ் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் எவ்வளவு? 20 கிராம் புரோட்டீன் தரும் சாதாரண வே கான்சென்ட்ரேட்டில் ஒன்று முதல் இரண்டு கிராம் லாக்டோஸ் வரும். இன்னும் சுத்திகரித்த ஐசோலேட் என்றால் அதைவிடக் குறைவு. 100 மில்லி பசும்பாலிலேயே கிட்டத்தட்ட 5 கிராம் இருக்கிறது. காலையிலும் சாயங்காலமும் பால் காபி குடித்துவிட்டு வயிறு சும்மா இருக்கிறதா? அப்படியானால் பாரில் உள்ள லாக்டோஸ் உங்களை ஒன்றும் செய்யாது. டம்ளர் காபியைக் கையில் வைத்துக்கொண்டே "எனக்குப் பால் ஆகாது" என்பவர்களிடம் இதற்குமேல் என்ன சொல்ல?

ஒரு உதாரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அண்ணாநகர்ப் பக்கம் ஜிம்முக்குப் போகும் ஒரு இளைஞர். காலை ஆறரைக்கு உடற்பயிற்சி முடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு பார், மாலை ஐந்துக்கு வடைக்குப் பதிலாக இன்னொரு பார். காலை எட்டு, எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வயிறு கலக்கித் தண்ணீராகப் போகிறது. இரவு ஒன்பதுக்குமேல் உப்பிசம், வாயு, பக்கத்தில் யாரும் உட்கார முடியாத நிலை. காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை, தூக்கத்திலிருந்து எழுப்பவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஜிம் கிடையாது, பாரும் கிடையாது, அன்றைக்கு வயிறும் நல்ல பிள்ளை. இந்த ஞாயிற்றுக்கிழமைதான் துப்பு.

பாக்கெட்டில் 100 கிராமுக்கு என்று போட்டிருக்கிறது: கார்போஹைட்ரேட் 40, மொத்தச் சர்க்கரை 3, நார்ச்சத்து 15. பார் 60 கிராம். அப்படியென்றால் ஒரு பாரில் கார்போஹைட்ரேட் 24, சர்க்கரை 1.8, நார்ச்சத்து 9. இருபத்து நாலில் மற்ற இரண்டையும் கழித்தால் சுமார் 13 மிஞ்சும். கோகோ, பாதாம் கணக்கில் இரண்டு கிராமை விட்டாலும் 11 கிராம் பாலியால். பொருள் பட்டியலில் இரண்டாவதாக மால்டிடால் நிற்பதும் இதற்கு ஒத்துப்போகிறது. இரண்டு பாருக்கு 22 கிராம் பாலியால், 18 கிராம் நார்ச்சத்து. எந்தக் குடல்தான் தாங்கும்? (சில லேபிள்களில் நார்ச்சத்தைக் கார்போஹைட்ரேட்டில் சேர்க்காமல் தனியாகப் போடுவார்கள். அப்போது அதைக் கழிக்கக் கூடாது.)

அவர் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. மூன்று நாள் பாரை மட்டும் நிறுத்தவேண்டும். காபி, தயிர், வே பவுடர் எல்லாம் வழக்கம்போல இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்தினால் எது குற்றவாளி என்று எப்படித் தெரியும்? வயிறு அடங்கியதும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைப் பார். ஐந்தரை கிராம் பாலியால், நாலரை கிராம் நார். பலருக்கு இந்த அளவில் ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாவிட்டால், பார் பொருந்தும், அளவுதான் பொருந்தவில்லை என்று அர்த்தம். அரைப் பாரிலும் கலக்கினால் அந்தப் பாரை விட்டுவிடுங்கள்.

வாங்கும்போது பின்பக்கப் பட்டியலைப் பாருங்கள். எடை அதிகமானது முதலில் வரும் என்பது விதி. சில பொருள்களைப் பெயருக்குப் பதிலாக ஐ.என்.எஸ். என்ற சேர்க்கைப்பொருள் எண்ணிலும் போட்டிருப்பார்கள். முதல் மூன்று இடத்துக்குள் மால்டிடாலோ (ஐ.என்.எஸ். 965) சார்பிடாலோ (420) இருந்தால் யோசியுங்கள். எரித்ரிடால் (968) பெரும்பகுதி ரத்தத்தில் ஏறிச் சிறுநீரில் போய்விடும் என்பதால் வயிற்றுக்குச் சற்று சாது. நார்ச்சத்தில் ஒரு தந்திரம் உண்டு. சிக்கரி வேர்ச் சாறு, ஒலிகோஃப்ரக்டோஸ், பாலிடெக்ஸ்ட்ரோஸ் (1200) என்று மூன்று பெயரில் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். கூட்டிப் பார்க்கவேண்டியது நீங்கள்தான். "பாலியால்கள் வயிற்றைப் போக்கலாம்" என்ற எச்சரிக்கையும் ஆங்கிலத்தில் எறும்பு எழுத்தில் ஒரு மூலையில் இருக்கும். புதிதாக ஆரம்பிப்பவர் ஒரு வேளைக்குப் பாலியால் பத்து கிராமைத் தாண்டாமல், சேர்த்த நார் ஐந்து கிராமோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வெறும் வயிறு வேண்டாம். ராத்திரி சென்னை பஸ் ஏறுவதற்கு முன்னால் வேண்டவே வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகளே, உங்களிடம் கொஞ்சம் கெஞ்சியே கேட்கிறேன். மால்டிடால் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை அளவுக்கு ஏற்றாது, ஆனால் ஏற்றும். மெட்ஃபார்மின் மாத்திரையும் சிலருக்கு வயிற்றைப் போக்கும். இரண்டும் சேர்ந்தால் பழி மாத்திரைமேல் விழுகிறது, நீங்களே நிறுத்திவிடுகிறீர்கள். மாத்திரையைத் தொடாதீர்கள், முதலில் பாரை நிறுத்துங்கள். தீபாவளிக்கு வாங்கும் "சுகர் ஃப்ரீ" மைசூர்பாகிலும் இதே சமாச்சாரம் இருக்கலாம் என்பதால் கடையில் எதைப் போட்டு இனித்தது என்று கேளுங்கள். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் சைலிடால் உள்ள பாரை அதன் கண்ணிலேயே காட்டாதீர்கள். நமக்கு வயிற்றுப்போக்கு, அதற்கு உயிர் போகும்.

மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி இதில் எது இருந்தாலும் பார் கணக்கெல்லாம் போட்டுக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள். போகும்போது காலிக் கவரையும் எடுத்துப் போங்கள். "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் இட்லி, சாம்பார் என்றுதான் சொல்வீர்கள். பாரைச் சாப்பாட்டுக் கணக்கில் யாரும் சேர்ப்பதே இல்லை.