கைபேசியின் வேகம் விசைப்பலகைக்கு வருவதில்லை

"நான் வேகமாகத் தட்டச்சு செய்வேன், கணினித் தேர்வையே பதிவு செய்துவிட்டேன்" என்று சொல்லி, எழுத்துப் பகுதியில் மதிப்பெண் இழந்து வந்த மாணவி இந்த மாதத்தில் எனக்கு நான்காவது ஆள். தாள், கணினி என இரண்டு வடிவங்களும் கிடைக்கும் இடத்தில் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வை எழுதப்போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவர் சொன்ன வேகம் கைபேசியில் வந்த வேகம். அங்கே கட்டைவிரல்கள் பாதிச் சொல்லை அடிக்க, மீதியைக் கருவியே நிரப்பிப் பிழையையும் திருத்திவிடுகிறது. தேர்வுக் கணினியில் பிழைதிருத்தி கிடையாது. அவரை ஒரு விசைப்பலகையின் முன் உட்காரவைத்து அருகிலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் கண் விசைகளுக்கு இறங்கியது. திரைக்குத் திரும்பியபோது முன்சொல்லில் எழுத்து இடம் மாறியிருந்தது. அதை அழித்துத் திருத்தி முடிப்பதற்குள் அடுத்துச் சொல்ல நினைத்த கருத்து நழுவிவிட்டது. 40 நிமிடங்களில் 207 சொற்கள். அதே வாரத்தில், அதே அளவுள்ள வேறொரு தலைப்பில், தாளில் 268 சொற்கள் எழுதினார். எழுத்துப் பகுதியின் இரண்டாம் பணியான கட்டுரைக்குக் குறைந்தது 250 சொற்கள் தேவை.

இரு பணிகளுக்கும் சேர்த்து 60 நிமிடங்களில் 400 சொற்கள் போதும். திட்டமிடவும் சரிபார்க்கவும் 15 நிமிடங்களை ஒதுக்கினாலும், நிமிடத்துக்கு ஒன்பது சொற்கள்தான் வருகின்றன. ஆகவே அசுர வேகம் யாருக்கும் தேவையில்லை. விசையைத் தேடாமல், சிந்தித்துக்கொண்டே அடிக்கும் பழக்கம்தான் தேவை. அப்பழக்கம் உள்ளவருக்குக் கணினி நல்ல துணை: பத்தியை இடம் மாற்றலாம், சொல் எண்ணிக்கையும் திரையிலேயே தெரியும். தம் கையெழுத்து பிறருக்குப் புரியாதவர்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்.

வாசிப்பில் சிக்கல் வேறு. தாளில் "அந்த ஆண்டு இடப்பக்கத்தின் அடியில் இருந்தது" என்று கண் நினைவில் வைத்திருக்கும். திரையில் பத்தி ஒருபுறமும் கேள்விகள் மறுபுறமும் தனித்தனியே நகர்வதால், அந்த இடநினைவு கலைந்துவிடுகிறது. முக்கியச் சொற்களுக்கு வண்ணமிடும் வசதியைப் பயிற்சியிலேயே பழகாதவர்கள், ஒரே பத்தியை மேலும் கீழும் உருட்டியே நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

கேட்டல் பகுதியைப் பலர் மறந்தே விடுகிறார்கள். தாளில் விடைகளைப் படிவத்தில் பெயர்த்தெழுத 10 நிமிடங்கள் உண்டு. கணினியில் சரிபார்க்க 2 நிமிடங்கள் மட்டுமே. ஒலி ஓடும்போதே அடித்தாக வேண்டும், விசையைத் தேடினால் அடுத்த விடை போய்விடும்.

தயவுசெய்து இரண்டு நாட்கள் ஒதுக்குங்கள். ஒருநாள் பென்சிலால், மறுநாள் பிழைதிருத்தியை அணைத்த நோட்பேடில், நாளுக்கு 40 நிமிடங்கள் இரண்டாம் பணியை எழுதுங்கள். சொற்களையும், உங்கள் கண்ணுக்குத் தப்பிய பிழைகளையும் மற்றொருவரை எண்ணச் சொல்லுங்கள். திரையில் 250 சொற்களை எட்டவில்லை என்றால், தாளுக்குப் பதிவு செய்யுங்கள். கணினிதான் வேண்டுமென்றால், எட்டும்வரை தேதியைத் தள்ளிவையுங்கள்.