உறுப்பினர்களுக்கு மட்டுமான காணொளி: பார்க்கும் உரிமை எந்தக் கணக்கைச் சேர்ந்தது?

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் வாய்ப்பாட்டுப் பயிலும் எங்கள் உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி, சென்னையிலிருந்து ஓர் ஆசிரியர் நடத்தும் யூரியூப் அலைவரிசையை நெடுநாளாகப் பின்தொடர்ந்து வருகிறாள். ஒரு நாள் அந்த அலைவரிசையின் காணொளி வரிசையில் கல்யாணி ராக ஆலாபனை பற்றிய புதிய பாடம் ஒன்று தெரிந்தது. தலைப்பும் முகப்புப் படமும் மற்றக் காணொளிகளைப் போலவே இருந்தன; கீழே மட்டும் Members only என்ற சிறு குறி காணப்பட்டது. அழுத்தியபோது பாடம் ஓடவில்லை. அலைவரிசையில் இணைந்தால்தான் பார்க்கலாம் என்று திரையில் வந்தது.

ரொறன்ரோவில் இருக்கும் அவளுடைய பெரியம்மாவின் மகள் இதைக் கேள்விப்பட்டு, தன் கைப்பேசியிலேயே Join பொத்தானை அழுத்தி, மாதக் கட்டணத்தைக் கட்டி, அந்தப் பாடத்தின் இணைப்பைத் தங்கைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தாள். அக்காவின் கைப்பேசியில் பாடம் ஓடியது. தங்கையின் கைப்பேசியில் பழைய அறிவிப்பே திரும்பவும் வந்தது. காசும் கட்டியாயிற்று, இணைப்பும் கையில் இருக்கிறது, பிறகு ஏன் திறக்கவில்லை என்று இருவரும் என்னிடம் கேட்டார்கள். இந்தக் கேள்வி பல வீடுகளில் எழுவதால் விடையை விரிவாகவே எழுதுகிறேன்.

உறுப்பினர்களுக்கு மட்டுமான காணொளியைப் பார்க்கும் உரிமை, கட்டணம் கட்டப்பட்ட கணக்கோடு சேர்ந்தது. அது இணைப்போடு சேர்ந்ததன்று. கட்டணம் கட்டியவரின் குடும்பத்தோடு சேர்ந்ததுமன்று. ஒருவர் அந்தக் காணொளியைத் திறக்கும்போது, அவர் எந்தக் கணக்கில் உள்நுழைந்திருக்கிறார், அந்தக் கணக்கு அந்த அலைவரிசையில் இப்போது உறுப்பினராக இருக்கிறதா, இருந்தால் எந்த நிலையில் இருக்கிறது என்பனவற்றை யூரியூப் பார்க்கிறது. அக்காவின் கணக்கு உறுப்பினர், தங்கையின் கணக்கு உறுப்பினர் அல்ல; ஆகவே ஒரே இணைப்பு ஓரிடத்தில் திறந்தது, மற்ற இடத்தில் திறக்கவில்லை.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். Subscribe என்பது இலவசமாகப் பின்தொடர்வது. Join என்பது மாதந்தோறும் பணம் கட்டி உறுப்பினராவது. பல ஆண்டுகள் பின்தொடர்ந்தவருக்கும் முதலாவதன் மூலம் உறுப்பினர் காணொளிகள் திறப்பதில்லை. விளம்பரமின்றிப் பார்ப்பதற்காக யூரியூப் நிறுவனத்துக்குக் கட்டும் பிரீமியம் சந்தாவும் இதற்குப் பயன்படாது, ஏனெனில் அது வேறு ஏற்பாடு. ஓர் அலைவரிசையின் உறுப்புரிமை அந்த ஓர் அலைவரிசைக்கு மட்டுமே உரியது.

உறுப்பினரானவர்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. அலைவரிசை நடத்துபவர் ஒன்றுக்கு மேற்பட்ட நிலைகளை வெவ்வேறு கட்டணங்களில் வைத்துக்கொள்ளலாம். மேல்நிலையில் இருப்பவருக்குக் கீழ்நிலைகளின் சலுகைகள் யாவும் கிடைக்கும். கீழ்நிலையில் இருப்பவருக்கு மேல்நிலைக்குரியவை கிடைக்கமாட்டா. காணொளியைப் பதிவேற்றும்போது அது எல்லா உறுப்பினர்களுக்கும் உரியதா, குறிப்பிட்ட ஒரு நிலைக்கும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு உரியதா என்று நடத்துபவர் தெரிவுசெய்கிறார். இதனால், பணம் கட்டிய உறுப்பினர் ஒருவருக்கே சில காணொளிகள் திறக்காமல் இருப்பதுண்டு. அவ்வாறான நேரத்தில் திரையில் வரும் செய்தியில், எந்த நிலையிலுள்ளவர்களுக்கு அந்தக் காணொளி உரியது என்று நிலையின் பெயரோடு குறிப்பிடப்பட்டிருக்கும். கட்டணம் போய்ச்சேரவில்லையோ என்று பதற்றப்படுவதற்கு முன் அந்தச் செய்தியை முழுவதும் வாசித்துவிட வேண்டும்.

இனி, ஒரு காணொளியை யார் பார்க்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் மற்ற நிலைகளோடு உறுப்பினர் காணொளி எப்படி வேறுபடுகிறது என்பதைப் பார்ப்போம். பொதுக் காணொளி, அதாவது Public, எவரும் தேடிக் கண்டு பார்க்கக்கூடியது. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தனிப்பட்ட காணொளி, அதாவது Private, இதற்கு நேரெதிரானது. அதை அலைவரிசைக்கு உரியவரும், அவர் மின்னஞ்சல் முகவரி கொடுத்து அழைத்தவர்களும் மட்டுமே பார்க்கலாம். அழைக்கப்பட்டவர் அந்த முகவரிக்குரிய கூகுள் கணக்கில் உள்நுழைந்தே பார்க்க வேண்டும். தேடலில் அது வராது, அலைவரிசையின் காணொளி வரிசையிலும் பிறருக்குத் தெரியாது, கருத்துப் பகுதியும் அதில் இராது. அழைப்பில்லாத ஒருவருக்கு அதன் இணைப்புக் கிடைத்தாலும், காணொளி தனிப்பட்டது என்ற செய்தி மட்டுமே வரும். இணையுமாறு கேட்கும் பொத்தான் வராது. ஒரு காணொளி திறக்காதபோது அது எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அறிய இதுவே இலகுவான வழி: இணையச் சொல்லிக் கேட்டால் உறுப்பினர்களுக்கு உரியது, தனிப்பட்டது என்று சொன்னால் பணம் கட்டினாலும் திறக்காது.

இரண்டுக்கும் இடையே இன்னொரு நிலையும் உண்டு. Unlisted என்று திரையில் காணப்படும் அந்த நிலையில் உள்ள காணொளி, தேடலில் வராது; ஆனால் இணைப்பு வைத்திருக்கும் எவரும், கூகுள் கணக்கே இல்லாதவரும்கூட, பார்க்கலாம். இணைப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகப் போகப் பார்ப்பவர்களும் கூடிக்கொண்டே போவார்கள். அக்கா அனுப்பிய இணைப்பு தங்கைக்குத் திறக்கும் என்று இருவரும் நம்பியதற்குக் காரணம், உறவினர்கள் அனுப்பும் இந்த வகைக் காணொளிகளே அவர்களுக்குப் பழக்கமானவை என்பதுதான்.

உறுப்பினர் காணொளியை, பொதுவுக்கும் தனிப்பட்டதற்கும் நடுவில் நிற்கும் ஒரு 'பாதி இரகசியம்' என்று பலர் எண்ணுகிறார்கள். இந்த எண்ணம் தவறானது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதன் தலைப்பும் முகப்புப் படமும் உறுப்பினர் அல்லாதவர்களின் கண்ணிலும் படக்கூடும். எங்கள் பிள்ளைக்கு அந்தப் பாடம் இருப்பது தெரியவந்ததே அப்படித்தான். மேலும், யார் உறுப்பினராகலாம் என்பதை நடத்துபவர் ஆள் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. கட்டணம் கட்டும் எவரும், முன்பின் அறியாதவரும், அடுத்த நிமிடமே உள்ளே வந்து பார்க்கலாம். தனிப்பட்ட காணொளியில் இருப்பது பெயர் குறித்து அழைக்கப்பட்டவர்களின் பட்டியல். உறுப்பினர் காணொளியில் இருப்பது ஒரு வாயிற்கட்டணம். எங்களூர் அலைவரிசைக்காரர் எவராவது, பூப்புனித நீராட்டு விழாவின் காணொளியை வெளிநாட்டு உறவினருக்கு மட்டும் காட்ட விரும்பினால், தனிப்பட்டதாக வைத்து ஒவ்வொருவரையும் மின்னஞ்சல் மூலம் அழைப்பதே சரியான வழி. அது சிரமம்தான்; ஆனால் பிள்ளையின் படம் சம்பந்தப்பட்ட விடயத்தில் அந்தச் சிரமத்தைத் தவிர்க்கக் கூடாது.

நேரலைகளிலும் ஒரு குழப்பம் நேர்கிறது. நேரலை முழுவதையும் உறுப்பினர்களுக்கு மட்டும் ஆக்கலாம். அப்போது மற்றவர்கள் அதைப் பார்க்க முடியாது. நேரலையைப் பொதுவாக வைத்துவிட்டு, உரையாடற் பகுதியை மட்டும் உறுப்பினர்களுக்கு ஒதுக்குவதும் உண்டு. அப்போது எல்லோரும் பார்க்கலாம், எழுத மட்டுமே முடியாது.

உறுப்புரிமையின் காலம் பற்றியும் தெளிவு வேண்டும். அக்கா மார்ச் 8ஆம் திகதி இணைந்தாள் என்று வைத்துக்கொள்வோம். தங்கைக்குத் திறக்கவில்லை என்ற ஏமாற்றத்தில் 20ஆம் திகதி அதை நிறுத்தினாலும், கட்டிய மாதம் முடியும்வரை, அதாவது ஏப்ரல் 8 அளவில், அவளுடைய கணக்கில் அந்தப் பாடங்கள் திறந்தபடியே இருக்கும். அதன் பின்னர், முன்பு பலமுறை பார்த்த பாடமும் மூடிக்கொள்ளும். ஏனெனில் அவள் அந்தக் காணொளியை விலைக்கு வாங்கவில்லை. உறுப்பினராக இருக்கும் காலத்தில் பார்க்கும் உரிமையையே பெற்றிருந்தாள். நிறுத்தாமல் விட்டால் கட்டணம் மாதந்தோறும் தானாகவே அறவிடப்படும் என்பதையும் மறக்கக் கூடாது. எந்தக் கணக்கில் எந்த அலைவரிசையின் உறுப்புரிமை நடைமுறையில் இருக்கிறது என்பதை, அந்தக் கணக்கில் உள்நுழைந்தபின் youtube.com/paid_memberships என்ற முகவரியில் பார்த்துக்கொள்ளலாம். ஒரே கைப்பேசியில் இரண்டு மூன்று கணக்குகளை வைத்திருப்பவர்கள் இதை முதலில் பார்ப்பது நல்லது. ஒரு கணக்கில் இணைந்துவிட்டு இன்னொரு கணக்கில் நின்றுகொண்டு திறக்கவில்லை என்று தேடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

அப்படியானால் அக்கா தங்கைக்கு எப்படி உதவியிருக்கலாம்? தன் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடலாமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்தக் கடவுச்சொல் யூரியூப்புக்கு மட்டும் உரியதன்று. மின்னஞ்சல், படங்கள், கட்டண அட்டை விபரங்கள் எல்லாம் அதே கூகுள் கணக்கில்தான் இருக்கின்றன. உறுப்புரிமையைப் பரிசாக வழங்கும் வசதி சில அலைவரிசைகளின் நேரலைகளில் இருக்கிறது, ஆனால் அங்கே வழங்கப்படும் பரிசு பார்வையாளர்களுள் யாருக்குப் போகும் என்பதை யூரியூப்பே தீர்மானிப்பது வழக்கம் என்பதால், தங்கைக்கென்று அதை நம்பியிருக்க முடியாது. எஞ்சியிருக்கும் நேரான வழி, தங்கையின் கணக்கிலிருந்தே இணைவதுதான். Join பொத்தான் எல்லா அலைவரிசைகளிலும் எல்லா நாடுகளிலும் காணப்படுவதில்லை. அது தன் திரையில் தெரிகிறதா என்பதை அவள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நாங்கள் இவற்றையெல்லாம் பேசிக்கொண்டிருந்த வேளையில் ஆசிரியர் அந்தக் கல்யாணிப் பாடத்தைப் பொதுக் காணொளியாக மாற்றிவிட்டார். இதில் வியப்பில்லை. ஒரு காணொளியின் நிலை நிரந்தரமானதன்று; முதலில் உறுப்பினர்களுக்குக் கொடுத்து, சில நாள்களின் பின் எல்லோருக்கும் திறந்துவிடுவது அலைவரிசைக்காரர் பலர் கையாளும் முறை. பொதுவாக இருந்ததை உறுப்பினர்களுக்கு மட்டும் என்று பின்னர் மாற்றுவதும் நடக்கும். அப்போது நேற்றுவரை இலவசமாகப் பார்த்தவருக்கு இன்று திறக்காது. மாற்றியதற்கு முன்பு பகிரப்பட்ட இணைப்புகளுக்கும் புதிய நிலையே பொருந்தும். தங்கை வட்ஸ்அப்பில் முன்பு வந்த அதே இணைப்பைத் தேடி எடுத்து அழுத்தினாள். இம்முறை பாடம் ஓடியது. அக்கா அந்த மாதக் கட்டணம் முடிவதற்குள் மற்ற மூன்று பாடங்களைத் தான் கேட்டுக் குறிப்பெழுதி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.