சேவ் ஃபைலில் நேரம் புதிது, ஆட்டம் பழையது

விளையாட்டுச் செயலிகளின் சர்வர் பக்கத்தை எழுதிப் பராமரிப்பது என் வேலை. எங்களுக்கு வரும் புகார்களில் மனசை வருத்துவது இதுதான்: "ஆடியதெல்லாம் போச்சு, பழைய லெவலில் நிற்கிறேன்." விசாரித்தால் பெரும்பாலும் அவர் போன், டேப்லெட் என்று இரண்டில் ஆடுபவராக இருப்பார். சர்வரில் தேடினால் எந்தப் பிழையும் பதிவாகியிருக்காது. 'கடைசியாக சேவ் ஆனதை வைத்துக்கொள்' என்ற விதி சொன்னபடியே வேலை செய்திருக்கும்.

ஒரு உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம். கிளவுடில் இருப்பது ஒருவருடைய சேவ் ஃபைலின் 17-ஆம் பதிப்பு, லெவல் 20. இரண்டு சாதனங்களிலும் அதுவே இருக்கிறது. டேப்லெட்டில் இணையம் இல்லாமல் ஆடி, மாலை 4:10-க்கு லெவல் 26 வரை வந்துவிடுகிறார். அந்த சேவ் டேப்லெட்டிலேயே தங்கிவிடுகிறது. ஆறு மணிக்குப் போனில் அதே விளையாட்டைத் திறக்கிறார். ஒரு லெவல்கூட ஆடவில்லை. தினப்பரிசு காயின் விழுந்தது, அதற்கே ஆட்டோசேவ் ஓடிவிட்டது. கிளவுடில் இப்போது 18-ஆம் பதிப்பு, லெவல் 20, நேரம் 6:00. ஏழு மணிக்கு டேப்லெட்டுக்கு இணையம் கிடைக்கிறது. அது 4:10-ஐயும் 6:00-ஐயும் ஒப்பிட்டு, கிளவுடில் இருப்பதே புதியது என்று முடிவு செய்து, லெவல் 26-இன் மேல் லெவல் 20-ஐ எழுதிவிடுகிறது.

டைம்ஸ்டாம்ப் சொல்வது எப்போது எழுதப்பட்டது என்பதை மட்டும்தான். எதிலிருந்து தொடங்கி எழுதப்பட்டது என்பது அதற்குத் தெரியாது.

அந்த நேரமாவது சரியாக இருக்குமா என்றால் அதுவும் உறுதியில்லை. காத்திருக்கும் நேரத்தைத் தாண்டப் போன் கடிகாரத்தை ஒரு நாள் முன்னே தள்ளி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி எழுதிய சேவ், அடுத்த ஒரு நாள் முழுக்க மற்ற சாதனத்தில் ஆடுவதை எல்லாம் தோற்கடிக்கும். சரி, சர்வர் நேரத்தையே போட்டுவிடலாமே என்று தோன்றும். அது பதிவேற்றிய நேரம். ஆடிய நேரம் அல்ல. பல நாள் இணையம் இல்லாமல் கிடந்த பழைய சேவ் இன்று மேலேறினால் அதுவே 'புதியது' ஆகிவிடும்.

ஆகவே நாங்கள் செய்வது வேறு. ஒவ்வொரு சேவுடனும், அது எந்தப் பதிப்பிலிருந்து தொடங்கியது என்ற எண்ணையும் அனுப்பச் சொல்கிறோம்.

```
if save.base == cloud.rev:
    cloud.rev += 1
    store(save)
else:
    conflict(save, cloud)
```

மேலே சொன்ன டேப்லெட், "என் தொடக்கம் 17" என்று சொல்லும். கிளவுடில் இருப்பதோ 18. உடனே மோதல் என்று தெரிந்துவிடும், எதுவும் அழியாது. இந்தச் சரிபார்ப்பும் எழுதுவதும் சர்வரில் ஒரே படியாக நடக்க வேண்டும். இடையில் இன்னொரு சேவ் நுழைந்தால் பழைய கதைதான். டேப்லெட்டும் தன்னிடம் அனுப்பாத மாற்றம் இருக்கும்வரை கிளவுடில் உள்ள சேவ் ஃபைலைத் தன்மேல் இறக்கக் கூடாது.

மோதல் தெரிந்த பிறகு எதை எடுப்பது? கூகுள் ப்ளே கேம்ஸ் சேவையில், கடைசியாக மாற்றியதை எடுக்கும் `RESOLUTION_POLICY_MOST_RECENTLY_MODIFIED` தவிர, அதிக நேரம் ஆடியதை எடுக்கும் `RESOLUTION_POLICY_LONGEST_PLAYTIME` என்ற வழியும் உண்டு. நம் உதாரணத்தில் அது லெவல் 26-ஐக் காப்பாற்றியிருக்கும். ஆனால் மொத்தம் ஆடிய நேரத்தை நம் நிரல் ஒவ்வொரு சேவிலும் ஒழுங்காக எழுதியிருந்தால்தான். ஒருவர் வேண்டுமென்றே முதலிலிருந்து தொடங்கியிருந்தால், அதே விதி அவர் விட்டுவந்த ஆட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

இரண்டையும் இணைக்கலாம் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முடித்த லெவல்களைச் சேர்த்துக்கொள்ளலாம், அதிக ஸ்கோரை எடுத்துக்கொள்ளலாம். காயினில் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு சாதனத்தில் 500 காயினில் 400-ஐச் செலவழித்து வாள் வாங்கியிருக்கிறார், இன்னொன்றில் 500 அப்படியே இருக்கிறது என்றால், பெரியதை எடுத்தால் வாளும் கிடைக்கும், 500-உம் கிடைக்கும். மீதியை மட்டும் வைக்காமல் வரவு செலவை வரிவரியாகப் பதிந்திருந்தால்தான் இதைச் சரியாகக் கூட்ட முடியும்.

முடிவெடுக்க முடியாத இடத்தில் ஆடுபவரையே கேட்பது நல்லது. அந்தத் திரையில் தேதியை மட்டும் காட்டாமல் லெவல், ஆடிய நேரம், சாதனத்தின் பெயர் மூன்றையும் காட்டுங்கள். அவர் தேர்ந்தெடுக்காத சேவ் ஃபைலையும் சில வாரங்களாவது வைத்திருங்கள்.

நீங்கள் ஆடுபவர் என்றால், சாதனம் மாறுவதற்கு முன் இணையத்தில் இருக்கும்போதே ஒருமுறை சேவ் செய்து, ஒத்திசைவு முடிந்துவிட்டதா என்று பாருங்கள். முன்னேற்றம் காணாமல் போனால், மற்ற சாதனத்தை ஏரோபிளேன் மோடில் போட்ட பிறகே அதில் விளையாட்டைத் திறந்து பாருங்கள். நல்ல சேவ் அதில் இன்னும் இருக்கலாம். இருந்தால் செயலியை நீக்காமல், இணையத்தை இயக்காமல், எங்களைப் போன்றவர்களுக்கு முதலில் எழுதுங்கள்.