மூன்று புகாருக்கும் பெயர் ‘ஸ்டாக் தப்பு’

காரைக்குடியில் ஷோரூமும் குடோனும், ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையும் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்துக்கு ஈஆர்பி, அதாவது பில், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருள், போட்டுக் கொடுத்தோம். ஏப்ரல் 1 கோ-லைவ், அன்று முதல் நிஜ வியாபாரம் அதில்தான். அதற்குப் பிறகு வரும் சில வாரங்களைத்தான் எங்கள் தொழிலில் ஹைப்பர்கேர் என்கிறோம். பெயர்தான் பெரிசு, வேலை என்னவோ புகார் வர வர அது யார் தலையில் விழ வேண்டிய வேலை என்று பிரித்துக் கொண்டே இருப்பதுதான். மென்பொருளிலேயே பிழையா, நாங்கள் செட்டிங்கில் விட்ட தவறா, இல்லை பயன்படுத்துகிறவருக்குச் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லையா?

மூன்றாம் நாள் காலையில் மூன்று டிக்கெட், அதாவது சிஸ்டத்தில் பதிவான புகார்கள், வந்தன. மூன்றிலும் எழுதியிருந்தது ஏறக்குறைய ஒன்றே: ஸ்டாக் தப்பு, சாஃப்ட்வேர் சரியில்லை. குடோன் அண்ணன் அதையே இரண்டு நிமிட வாய்ஸ் மெசேஜாகவும் அனுப்பியிருந்தார், பின்னணியில் லாரி ஹாரனோடு.

கதை புரிய ஒரு கணக்கு மட்டும் தெரிந்தால் போதும். எட்டு அங்குல டைல்ஸில் ஒரு சதுர அடிக்கு 2.25 கல் (144-ஐ 64-ஆல் வகுத்தால் வருவது). பத்து அங்குலத்தில் 1.44 கல். வாடிக்கையாளர் சதுர அடியில் கேட்பார், பட்டறையில் கண்ணாடி மேல் வார்த்து எடுக்கிறவர்கள் கல்லில் எண்ணுவார்கள். சிஸ்டத்தில் இருப்பைச் சதுர அடியில்தான் வைத்திருந்தோம், கல்லை அது மாற்றிக்கொள்ளும். இந்த இரண்டு அளவுக்கும் நடுவில்தான் எல்லாக் குழப்பமும்.

என் பழக்கம், எண்ணிக்கை சம்பந்தப்பட்ட புகார் வந்தால் என்ன நடந்தது என்று முதலில் கேட்பதில்லை, ஏனென்றால் பதில் பாதி கோபமாகத்தான் வரும். யாருடைய லாகின், எந்தக் கிளை, எந்தப் பொருள், பில் நம்பர் என்ன என்ற நான்கையும் வாங்கிக்கொண்டு, சிஸ்டம் காட்டிய எண்ணை வந்திருக்க வேண்டிய எண்ணால் வகுத்துப் பார்ப்பேன். பல நேரம் அந்த ஈவே காரணத்தைச் சொல்லிவிடும்.

முதல் டிக்கெட் ஷோரூமிலிருந்து. 200 சதுர அடிக்கு வர வேண்டிய பில் 450 சதுர அடிக்கு வந்திருக்கிறது. 450-ஐ 200-ஆல் வகுத்தால் 2.25, ஆக யாரோ கல் எண்ணிக்கையைச் சதுர அடிக் கட்டத்தில் தட்டியிருக்கிறார்கள். சரி, இது பயிற்சிக் குறை என்று முத்திரை குத்தி, பில் போட்ட அக்காவிடம் போனில் சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவசரப்பட்டுவிட்டேன். இரண்டு நாளில் அதே தவறு வேறு இரண்டு பேரிடமிருந்தும் வந்தது. ஒருவர் தடுமாறினால் அவருக்குச் சொல்லித் தரலாம், மூன்று பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் அங்கே தரைதான் சரியில்லை. பழைய பில் புத்தகத்தில் முதல் கட்டம் கல் எண்ணிக்கை, பல வருஷமாகக் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. நாங்களோ புதுத் திரையில் அளவைச் சதுர அடி என்று முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்தோம். அதை வெற்றாக்கி, கல்லா சதுர அடியா என்று தேர்ந்தெடுக்காமல் பில் சேவ் ஆகாதபடி மாற்றியதும் இரண்டு பேரிடம் தவறு நின்றது. மூன்றாமவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது, அது மட்டும்தான் உண்மையான பயிற்சிக் குறை.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்களைப் போன்ற ஆட்களுக்குப் பயிற்சிக் குறை என்பது ரொம்ப வசதியான பெட்டி. செட்டிங் தவறு என்றால் எங்கள் தலை உருளும், பயிற்சி என்றால் பழி பில் போடுகிற அக்கா மேல் போய்விடும். அதனால் அந்தப் பெட்டியில் ஒரு டிக்கெட்டைப் போடும் முன், அதே பில்லை அவர் சொல்கிற வரிசையிலேயே டெஸ்ட் டேட்டாபேஸில் நானே ஒரு முறை போட்டுப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது டிக்கெட் வினையாகிவிட்டது. எட்டு அங்குலத்தில் ஒரு மயில் டிசைன், 100 சதுர அடி ஆர்டர், 225 கல் ஏற்ற வேண்டிய இடத்தில் குடோன் சீட்டு 144 கல் என்று வந்து, வண்டியும் தேவகோட்டைக்குப் போய்விட்டது. 81 கல் குறைய, கொத்தனார் பாதித் தரையோடு உட்கார்ந்துவிட்டார். 144-ஐ 100-ஆல் வகுத்தால் 1.44, அதாவது பத்து அங்குலத்தின் விகிதம். யார் பில் போட்டாலும், எந்தக் கிளையில் போட்டாலும் அந்த ஒரு பொருளுக்கு மட்டும் தவறு வந்தது. ஆள் மாறியும் பொருள் மாறாமல் தவறு கூடவே வந்தால் பார்க்க வேண்டிய இடம் ஐட்டம் மாஸ்டர், ஒவ்வொரு பொருளின் அளவும் விகிதமும் பதிந்திருக்கும் பட்டியல். எக்ஸெலில் ஏற்றும்போது மேல் வரியில் இருந்த பத்து அங்குல விகிதத்தை அதன் கீழிருந்த நான்கு வரிகளுக்கும் இழுத்துவிட்டிருந்தோம், ஆகவே இன்னும் மூன்று டிசைன்களிலும் அதே தவறு புகாராக வராமல் காத்திருந்தது. மாஸ்டரைத் திருத்த ஐந்து நிமிடம். ஆனால் ஏற்கெனவே போட்ட பில்களை அது திருத்தாது, அவற்றைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாகச் சரிசெய்ய ஒரு முழு நாள் ஆனது.

மூன்றாவதுதான் மென்பொருள் பிழை, நான் கடைசி வரை அப்படி நம்பவில்லை. பட்டறையிலிருந்து எட்டு அங்குலத்தில் 1000 கல் வரவு வைத்தால் இருப்பு 440 சதுர அடி என்று காட்டியது, வர வேண்டியது 444.44. குறைவு ஒரு சதவீதம், யாரும் கவனிக்காத அளவு. கையில் கல் இருக்கும்போதே சிஸ்டத்தில் மைனஸ் வந்தபோதுதான் குடோன் அண்ணன் கத்தினார். ஒரு கல் என்பது 0.4444 சதுர அடி, யாரோ அதை 0.44 ஆக வெட்டியிருக்கிறார்கள். தசம இடம் இரண்டு என்று இருந்த செட்டிங்கை நான்காக மாற்றினேன், திரையில் 0.4444 என்று அழகாகக் காட்டியது, வரவு மட்டும் மறுபடி 440. டெஸ்டில் புதிதாக ஒரு பொருள் உருவாக்கி, புது லாகினில் போட்டேன், அதே 440. ஆனால் விற்பனைத் திரையில் 450 கல் என்று போட்டால் சரியாக 200 வந்தது. ஆளும் பொருளும் செட்டிங்கும் மாறியும் ஒரே ஒரு திரையில் மட்டும் தவறு விடாமல் வந்தது, அந்தத் திரை பெருக்குவதற்கு முன்பே எண்ணை வெட்டுகிறது. இந்த வரிசையை அப்படியே எழுதி, இரண்டு திரைகளின் ஸ்கிரீன்ஷாட்டோடு மென்பொருள் கம்பெனிக்கு அனுப்பினேன். ‘ஸ்டாக் தப்பு’ என்று மட்டும் அனுப்பியிருந்தால், எங்களிடம் அப்படி வரவில்லை என்று இரண்டு நாள் கழித்துத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

இருப்பைக் கல்லிலேயே வைத்திருந்தால் எல்லாமே முழு எண், இந்தப் பிழை எங்களைத் தொட்டே இருக்காது. ஆனால் வரவு செலவு நடந்த பொருளுக்கு அடிப்படை அளவை மாற்ற அந்த மென்பொருள் விடாது. ஆகவே திருத்தம் வரும்வரை பட்டறை வரவைக் கையில் கணக்குப் போட்டுச் சதுர அடியிலேயே பதியச் சொன்னோம். எட்டு அங்குலத்துக்கு 2.25-ஆல், பத்து அங்குலத்துக்கு 1.44-ஆல் வகுக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி கம்ப்யூட்டர் மேலேயே ஒட்டினேன்.

ஹைப்பர்கேரை ஏப்ரல் கடைசியில் முடிக்கலாம் என்று எங்கள் தரப்பில் சொன்னார்கள், நான் மறுத்தேன். ஏப்ரல் விற்பனை பில்களை மே 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற ஜிஎஸ்டி கணக்கில் ஏற்ற வேண்டும், 20-ஆம் தேதிக்குள் வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி. பில்லில் ஒளிந்திருக்கும் தவறு அப்போதுதான் வெளியே வரும்.

திருத்தம் மே முதல் வாரத்தில் வந்தது. போட்டுச் சரிபார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் மேல் ஒட்டியிருந்த தாளைக் கிழிக்கப் போனேன்.

“தம்பி, இனிமே வர்ற கல்லு சரியா ஏறும். ஏற்கெனவே குறைச்சு ஏத்துன கல்லு எங்க போச்சு?” என்றார் குடோன் அண்ணன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடோனை மூடி, அடுக்கடுக்காகக் கல்லை எண்ணினோம்.