"பையனக் கூட்டிட்டு உள்ள போங்கம்மா"னு பூத்துல சொன்னா

பார்வையில்லாதவங்களுக்கு நடமாட்டப் பயிற்சி குடுக்கிறதுதான் என் வேலை. எலெக்ஷன் நெருங்கினா எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணு, "சார், நான் யாருக்குப் போட்டேன்னு கூட வர்றவங்களுக்குத் தெரியாம போட முடியுமா?" முடியும். ஆனா பூத்துல இருக்குற ஆபீசருக்கே பல நேரம் அது தெரியாது.

சர்க்கரை வியாதியால கண்ணு போன ஒரு அம்மா என்கிட்ட வந்தாங்க. பிரெய்ல் தெரியாது, அறுபது வயசுக்கு மேல கத்துக்கவும் பிடிக்கல. பையன் ஒரு கட்சி, இவங்க மனசுல வேற கட்சி. போன எலெக்ஷன்ல பையன்தான் கூடப் போய் அமுக்கிருக்கான், எதை அமுக்கினான்னு அவனுக்குத்தான் தெரியும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, 1961 தேர்தல் நடத்தை விதிகள்ல 49N-னு ஒண்ணு இருக்கு. சின்னத்த அடையாளம் தெரிஞ்சுக்கவோ தானா பட்டன அமுக்கவோ முடியாதவங்க 18 வயசு முடிஞ்ச ஒருத்தர உள்ள கூட்டிட்டுப் போகலாம். அந்த ஆளு ரகசியத்தக் காப்பாத்துவேன்னு உறுதிமொழி குடுக்கணும், அன்னைக்கு வேற யாருக்கும் துணையா போயிருக்கக் கூடாது. கவனிங்க, இது நாம கேட்டா கிடைக்கிற வசதி, கட்டாயம் இல்ல. தானா அமுக்க முடியும்னா துணைக்கு வர்றவர் மெஷின் வெச்சிருக்குற மறைப்பு வரைக்கும் கொண்டு விட்டுட்டு வெளிய நிக்கணும், அவ்ளோதான். பூத் ஸ்டாஃப் "சின்னத்த சொல்லுங்க நான் அமுக்குறேன்"னு வந்தா விடவே விடாதீங்க, அவங்க துணையா போகவே கூடாது, அதோட நீங்க சின்னத்த வாய்விட்டு சொன்னா சுத்தி உக்காந்திருக்குற ஏஜென்ட்டுங்க காதுல விழும், அப்புறம் என்ன ரகசியம்.

பிரெய்ல் தெரிஞ்சவங்க பிரிசைடிங் ஆபீசர்கிட்ட பிரெய்ல்ல அடிச்ச டம்மி வாக்குச்சீட்ட கேட்டு வாங்கிப் படிக்கலாம், வேட்பாளர் பேரும் வரிசை நம்பரும் அதுல இருக்கும். பெரும்பாலும் அது பைக்குள்ளயே கிடக்கும், கேட்டாத்தான் எடுப்பாங்க. மெஷின்ல நீல பட்டனுக்கு வலது பக்கம் பிரெய்ல்ல நம்பர் இருக்கும், தடவிப் பாத்து அமுக்க வேண்டியதுதான்.

பிரெய்ல் தெரியலன்னா? எண்ணணும். ஒரு பேலட் யூனிட்ல 16 பட்டன், மேலருந்து கீழ. நம்ம ஆளோட வரிசை நம்பர் வேட்புமனு வாபஸ் முடிஞ்சதுமே தெரிஞ்சிடும், முன்னாடியே மனப்பாடம் பண்ணிக்கலாம். அந்தம்மாவுக்கு அட்டைல பழைய சட்டை பட்டன் 16 ஒட்டிக் குடுத்தேன், வலது கை விரலால ஒவ்வொண்ணா இறங்கி எண்ணிப் பழகினாங்க, இடது கை அட்டையோட மேல் விளிம்பப் பிடிச்சிருக்கணும், இல்லன்னா முதல் பட்டன் எதுன்னே குழம்பிடும்.

வேட்பாளர் அதிகமானா கொஞ்சம் சிக்கல். 2024ல கரூர் பாராளுமன்றத் தொகுதில 54 பேர் நின்னாங்க, நோட்டாவோட 55, அதனால ஒரு பூத்துக்கு நாலு யூனிட். அங்க 39ம் நம்பருக்குப் போடணும்னா முதல் ரெண்டு யூனிட்ல 32 போச்சு, மூணாவது யூனிட்ல ஏழாவது பட்டன். இந்தக் கணக்க வீட்லயே போட்டு வெச்சுக்கணும். உள்ள போறதுக்கு முன்னாடி ஆபீசர்கிட்ட "முதல் யூனிட் எந்தப் பக்கம்"னு மட்டும் கேளுங்க, நம்பர சொல்லாதீங்க.

அமுக்கினதும் நீளமா பீப் சத்தம் வரும், ஓட்டு பதிவாயிடுச்சுன்னு அர்த்தம். யாருக்குப் பதிவாச்சுன்னு அது சொல்லாது. பார்வை உள்ளவங்க விவிபேட் கண்ணாடில 7 செகண்ட் சீட்டப் பாத்து உறுதி பண்ணிக்கலாம், நமக்கு அந்த வழி இல்ல, வேற ஆளக் கூப்ட்டு பாக்கச் சொன்னா ரகசியம் போச்சு. மெஷின்ல குரல் வசதி வர்ற வரைக்கும் இந்தக் குறை இருக்கத்தான் செய்யும்.

அந்தம்மாவ பூத்துல "பையனக் கூட்டிட்டு உள்ள போங்கம்மா"னுதான் சொல்லிருக்காங்க. "எனக்கு துணை வேண்டாம்யா, மெஷின் மேல கைய வெச்சு விடுங்க, நான் பாத்துக்குறேன்"னு சொல்லிருக்காங்க. ஆபீசர் ஒரு நிமிஷம் யோசிச்சு சரின்னுட்டார். பையனுக்குத்தான் கொஞ்சம் கோவம்.

பூத்துக்குப் போறதப் பத்தி ஒரு விஷயம். வீல்சேர்ல வர்றவங்களுக்கு சாய்தளம் 1:12 இருக்கணும், அதாவது அரை அடி படிக்கு ஆறு அடி நீளம். பல ஸ்கூல்ல மூணு படிக்கு ஒரு பலகைய சாச்சு வெச்சுட்டு ரேம்ப்னு சொல்லுவாங்க, நாலு பேரு தூக்கித்தான் விடணும். அதனால ஒரு வாரம் முன்னாடியே போய் பாத்துட்டு தேர்தல் ஆணையத்தோட சக்ஷம் ஆப்லயோ 1950 ஹெல்ப்லைனுக்கோ சொல்லுங்க, வீல்சேர் வேணும்னாலும் ஆப்லயே கேக்கலாம்.

இவ்ளோ அலைச்சல் எதுக்கு, வீட்லயே போட்டுக்கலாமேன்னு சிலர் 12D ஃபார்ம் குடுக்குறாங்க, 40 சதவீதமோ அதுக்கு மேலயோ ஊனம் இருந்தா குடுக்கலாம். நடக்கவே முடியாதவங்களுக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனா வீட்டுக்கு வர்றது மெஷின் இல்ல, காகித தபால் ஓட்டு. தடவிப் பாக்க அதுல பட்டன் கிடையாது, கண்ணு தெரியாதவங்களுக்கு வேற ஆள்தான் குறி போட்டுத் தரணும். 12D ஏத்துக்கிட்டாங்கன்னா அப்புறம் பூத்துக்குப் போய் போடவும் முடியாது. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அத யோசிச்சுக்குங்க.