எந்த ஊர் காலண்டரைப் பார்த்துத் தேதி கொடுக்கிறீர்கள்?

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஏற்றுமதி செய்பவர்களுக்கு எல்.சி., அதாவது வாங்குபவரின் வங்கி பணத்துக்குக் கொடுக்கும் உத்தரவாதக் கடிதத்துக்கான டாக்குமென்ட் தயார் செய்து கொடுப்பது என் தொழில். இந்த வாரம் மறுபடியும் ஒருவர் வந்து, "சார், அஞ்சு நாள்ல பணம் வந்துரும்னு மண்டிக்குச் சொல்லிட்டேன், இன்னும் வரலையே" என்றார். சரக்கு வாங்கும் பயர் சவுதிக்காரர், நடுவில் பக்ரீத். இதே கதையை எத்தனை முறை கேட்பது? அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த "அஞ்சு நாள்". எல்.சி.க்கான சர்வதேச விதியான யு.சி.பி. 600, டாக்குமென்ட் வந்து சேர்ந்த மறுநாளிலிருந்து அதிகபட்சம் ஐந்து வங்கி நாட்களுக்குள் வங்கி அதைச் சரிபார்க்க வேண்டும் என்கிறது. வங்கி நாள் என்றால் அந்த வேலை எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊரில் வங்கி வழக்கமாகத் திறந்திருக்கும் நாள். ரியாத்தில் இருக்கும் வங்கி சரிபார்க்கிறது என்றால் ரியாத்தின் நாள். கிருஷ்ணகிரியில் உங்கள் பேங்க் திறந்திருக்கிறதா, நீங்கள் சனிக்கிழமை ஃபேக்டரி ஓட்டுகிறீர்களா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. படித்தவர்கள், இருபது வருடமாக ஏற்றுமதி செய்பவர்கள்கூட நம் ஊர் காலண்டரை வைத்தே எண்ணுகிறார்கள்.

ஒரு கணக்கு காட்டுகிறேன். காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு ஃபேக்டரிக்காரர், முந்தைய சீசன் கூழை அனுப்பியிருந்தார். டாக்குமென்ட் 2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை சவுதி வங்கிக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் எண்ணியது: 12, 13, 14, 15. அப்புறம் 16 ஞாயிறு, 17 நமக்கு பக்ரீத் லீவு, இரண்டையும் விட்டுவிட்டு 18. அந்தத் தேதியைப் போட்டு மண்டிக்கு செக்கும் கொடுத்துவிட்டார்.

அங்கே நடந்தது வேறு. சவுதியில் வார விடுமுறை வெள்ளி, சனி. ஆக 14, 15 போயிற்று. அந்த வருடம் அங்கே பக்ரீத் 16ஆம் தேதி. அரஃபா நாளான 15இலிருந்து சட்டப்படியே நான்கு நாள் லீவு, 18 வரைக்கும். வங்கி அதைவிடக் கூடுதலாக மூடினாலும் ஆச்சரியமில்லை. குறைந்தபட்ச லீவை வைத்தே எண்ணினால் 12, 13, 19, 20, ஐந்தாவது நாள் 23, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு சவுதி வங்கி திறந்திருக்கும், ஆனால் டாலர் நியூயார்க் வழியாகத்தான் வர வேண்டும், அங்கே ஞாயிறு லீவு. சீக்கிரமே சரிபார்த்து 19ஆம் தேதி அனுப்பியிருந்தாலும் அன்றைக்கு அமெரிக்காவில் ஜூன்டீன்த் லீவு. பணம் வந்தது ஜூன் கடைசி வாரத்தில். அதுவரை பெங்களூரா மாம்பழ லோடு ஃபேக்டரி வாசலில் நிற்க, செக்கை நிறுத்தி வைக்கச் சொல்லி அவர் மண்டிக்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். பழத்துக்குக் காசு கேட்ட விவசாயிகள் என்ன செய்வார்கள்?

பக்ரீத் தேதி வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் வரும். சவுதியில் 2023இல் ஜூன் 28, 2024இல் ஜூன் 16, 2025இல் ஜூன் 6. அப்படியே மே மாதத்துக்குள் நகர்கிறது. நமக்கு சீசனுக்குப் பணம் தேவைப்படும் நேரத்தில்தான் இது விழுகிறது. போன வருடத் தேதியை நம்பாதீர்கள். பக்ரீத்தாவது பத்து நாள் முன்னால் உறுதியாகிவிடும். ரம்ஜான் பெருநாள் முந்தின நாள் மாலை பிறை தெரிந்தால்தான், அதனால் இரண்டு பக்கமும் ஒரு நாள் தள்ளி வைத்துப் பேசுங்கள்.

"வளைகுடா முழுக்க வெள்ளி, சனிதானே" என்பதும் தப்பு. அமீரகம் 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது, அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரை நாள். ஷார்ஜாவில் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் லீவு. துபாய் பயருக்கும் சவுதி பயருக்கும் ஒரே கொட்டேஷனை காப்பி அடித்து அனுப்பாதீர்கள்.

இன்னொன்று, எல்.சி.யில் எழுதியிருக்கும் தேதிகள். எல்.சி. காலாவதி நாள் வங்கி லீவில் விழுந்தால் அடுத்த வங்கி நாளுக்குத் தள்ளிப்போகும். ஷிப்மென்ட் கடைசித் தேதி தள்ளிப்போகாது. லீவு நாளில் விழுந்தாலும் அதே தேதிதான். கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதான பி.எல்.லில் ஒரு நாள் தாண்டியிருந்தால் அது டிஸ்க்ரிபன்சி, அதாவது எல்.சி.யோடு ஒத்துப்போகாத குறை, பயர் மறுக்கலாம்.

தயவுசெய்து, தேதி சொல்வதற்கு முன்னால் பயருக்கு ஒரு மெயில் போடுங்கள்: "உங்கள் வங்கி இந்த இரண்டு மாதத்தில் எந்தெந்த நாள் மூடியிருக்கும், உங்கள் கோடவுன் என்றைக்கு சரக்கு இறக்கும்?" பதில் வந்ததும் ஒரு தாளில் உங்கள் நாட்டு லீவு, அவர் நாட்டு லீவு, டாலர் என்றால் நியூயார்க் லீவு, மூன்றையும் எழுதி அடித்துவிட்டு மிச்சத்தை எண்ணுங்கள். சவுதியோடு என்றால் ஒரு சாதாரண வாரத்திலேயே இரு பக்க வங்கியும் சேர்ந்து திறந்திருக்கும் முழு நாள் திங்கள் முதல் வியாழன் வரை நான்குதான். தேதியை எழுதும்போது கிழமையையும் சேர்த்தே எழுதுங்கள். மண்டிக்குக் கொடுக்கும் செக்கில் தேதி போடுவது இதற்கெல்லாம் அப்புறம்.