மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டும் திரும்ப அட்மிட் ஆகுறாங்களா? வீட்டுல யாரு என்ன குரல்ல பேசுறாங்கன்னு கேளுங்க

போன வருஷம் ரவுண்ட்ஸ்ல ஒரு ஃபர்ஸ்ட் இயர் பிஜி கேஸ் பிரசன்ட் பண்ணாங்க. இருபத்தாறு வயசுப் பையன், ஐடிஐ முடிச்சவன், ஸ்கிசோஃப்ரினியா, எட்டு மாசத்துல ரெண்டாவது அட்மிஷன். (ஆள் அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்கள மாத்தியிருக்கேன்.) ரிலாப்ஸுக்கு, அதாவது நோய் திரும்ப வந்ததுக்குக் காரணம்னு கேஸ் ஷீட்ல ஒரே வரிதான், மருந்து ஒழுங்கா எடுக்கல. ஊசி கார்ட வாங்கிப் பாத்தேன். ஒரு தடவ போட்டா ஒரு மாசம் நிக்கிற ஹாலோபெரிடால் டிப்போ ஊசி, மாசாமாசம் போட்டிருக்காங்க, ஒரு மாசம்கூட விடல. கஞ்சா, குடி ரெண்டும் இல்ல. அப்போ என்னதான் நடந்துச்சு?

முந்தின ரெண்டரை வருஷம் அந்தப் பையன் ஒரு தடவகூட அட்மிட் ஆகல, மருந்து அதேதான், டோஸும் அதேதான். மாறினது ஒண்ணே ஒண்ணு, அவங்க அப்பா ரிட்டயர்ட் ஆயிட்டாரு. அதுவரைக்கும் காலைல அஞ்சு மணிக்குக் கிளம்பி ராத்திரிதான் வருவாரு, இப்போ நாள் பூரா ஹால்ல உக்காந்திருக்காரு, பையனும் அதே ஹால்ல படுத்திருக்கான்.

இத முதல்ல கவனிச்சவர் லண்டன்ல ஜார்ஜ் பிரவுன்ங்கிற சமூகவியலாளர். ஆஸ்பத்திரில இருந்து டிஸ்சார்ஜ் ஆன 229 ஆண்களப் பத்தி அவர் டீம் 1958ல எழுதினப்போ எதிர்பார்க்காத ஒரு விஷயம் தெரிஞ்சது. அப்பா அம்மாகிட்டயோ மனைவிகிட்டயோ திரும்பிப் போனவங்க, லாட்ஜிங்லயோ அண்ணன் தங்கச்சி வீட்லயோ தங்கினவங்கள விட மோசமா இருந்தாங்க. நெருக்கமான வீட்டுல அப்படி என்ன இருக்குன்னு அளக்கப் போய்த்தான் கேம்பர்வெல் ஃபேமிலி இன்டர்வியூ வந்துச்சு. அதுல வர்ற மார்க்குதான் எக்ஸ்பிரஸ்ட் இமோஷன், சுருக்கமா ஈஈ. பேர வச்சு இது உணர்ச்சிய வெளிக்காட்டுறதுன்னு நினைச்சுடாதீங்க. பாசமாப் பேசுறதும் மனசு விட்டு அழுறதும் ஹை ஈஈ இல்ல. குறை சொல்றது, ஆளையே வெறுக்குறது, அளவுக்கு மீறி அவங்களுக்குள்ளயே கரைஞ்சு போறது, இந்த மூணத்தான் பாக்குறோம்.

கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1976ல தங்களோட நோயாளிகளையும் பிரவுன் டீமோட நோயாளிகளையும் சேத்து 128 பேர ஒம்பது மாசத்துக்குப் பாத்தாங்க. லோ ஈஈ வீட்டுக்குப் போனவங்கள்ல 13 சதவீதம் பேருக்குத்தான் ரிலாப்ஸ். ஹை ஈஈ வீடு, வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல நேருக்கு நேர் இருக்காங்க, மருந்தும் இல்லன்னா 92 சதவீதம். அதே வீடு, அதே நேரம், மருந்து மட்டும் இருந்தா 53. அதே ஹை ஈஈ வீட்டுலயே மருந்தோட நேரமும் 35க்குக் கீழ குறைஞ்சுட்டா 15. இத நல்லாப் பாருங்க, மருந்து காப்பாத்துது, ஆனா அந்த ஹால் மாதிரி ஹால்ல தினமும் அஞ்சு மணி நேரத்துக்கு மேல உக்காந்திருந்தா மருந்தால பாதிப் பேரத்தான் காப்பாத்த முடியுது. நம்ம பையனுக்கு வாரத்துக்கு எழுவது மணி நேரம் வந்துச்சு.

சரி, எப்படிக் கேக்குறது? பையன வெளிய உக்கார வச்சுட்டு, ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா, கடைசி மூணு மாசம் வீட்டுல என்ன நடந்துச்சுன்னு கேக்கணும். "அவன திட்டுவீங்களா"ன்னு கேட்டா யாரும் ஆமான்னு சொல்ல மாட்டாங்க, அதனால காலைல எழுந்ததுல இருந்து என்ன செய்வான்னு ஆரம்பிச்சுட்டு குரலக் கேளுங்க. வார்த்தைய விட குரல்தான் முக்கியம். "பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பான் சார்"னு சாதாரணமா சொன்னா அது தகவல், அதையே பல்லக் கடிச்சுக்கிட்டு அழுத்திச் சொன்னா அது விமர்சனம், ஒண்ணுன்னு எண்ணணும். "அவன் படுத்திருக்கிறதப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது", இதுக்குக் குரல்கூட வேண்டாம். "இவன் பொறந்ததுல இருந்தே உருப்படாதவன்"னு வந்தா அது ஒரு செயல விட்டுட்டு ஆளையே ஒதுக்குறது, அத ஹாஸ்டிலிட்டின்னு தனியா மார்க் பண்ணுவாங்க. விமர்சனம் ஆறு வந்தாலே ஹை, ஹாஸ்டிலிட்டி ஒண்ணு இருந்தாலே ஹை. அந்த அப்பா நாப்பது நிமிஷத்துல ஒம்பது சொன்னாரு. அந்த ஒம்பதுல ஒண்ணுகூட பையன் காதுல இல்லாத குரல் கேக்குறதப் பத்தியோ சந்தேகத்தப் பத்தியோ இல்லங்க. எல்லாமே எழுந்திருக்கல, குளிக்கல, பேச மாட்டேங்குறான், வேலைக்குப் போகல. எல்லாம் நெகட்டிவ் சிம்ப்டம்ஸ், அதாவது நோயால ஆர்வமும் செயலும் குறைஞ்சு போறது. காதுல குரல் கேட்டப்போ அவருக்கு அது நோயின்னு தெரிஞ்சுது, தாங்கிக்கிட்டாரு. சும்மா படுத்திருக்கிறது மட்டும் அவர் கண்ணுக்கு சோம்பேறித்தனம், மனசு வச்சா மாத்திக்கலாம்னு நம்புறாரு, அந்த நம்பிக்கைதான் கோவமா வருது.

அம்மா வேற மாதிரி. பையனுக்கு ஊட்டி விடுறாங்க, பக்கத்துலயே படுக்குறாங்க, தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்குக்கூட போகல. பிஜி இத நேரா அந்த மூணாவது, ஓவர்இன்வால்வ்மென்ட்னு எழுதிட்டாங்க. எனக்கு அதுல தயக்கம் உண்டு. நம்ம ஊர்ல இருபத்தாறு வயசு மகனுக்கு அம்மா சோறு பிசைஞ்சு குடுக்குறது ஊரே செய்யுறதுதான், லண்டன் அளவுகோல அப்படியே வைக்க முடியாது. சண்டிகர்ல 1980கள்ல இதே இன்டர்வியூ பண்ணப்போ ஹை ஈஈ 23 சதவீத உறவினர்கள்கிட்டதான் இருந்துச்சு, ஒரு வருஷத்துல ரிலாப்ஸோட சேந்து வந்தது ஹாஸ்டிலிட்டிதான். அதனால நான் பாக்குறது ஊட்டி விடுறத இல்ல, அந்தம்மாவுக்குன்னு வாழ்க்கையில வேற ஏதாச்சும் மிச்சம் இருக்கான்னுதான். கல்யாணத்துக்குப் போகாததுதான் என்னை உறுத்துச்சு.

இப்போ பிஜிங்க அடிக்கடி செய்யுற தப்பு ஒண்ணு. இதெல்லாம் படிச்சுட்டு நேரா அப்பாகிட்ட போய் "உங்க கோவத்தாலதான் சார் திரும்ப வந்துச்சு"ன்னு சொல்லிடுறாங்க. அம்மாதான் நோயக் கொண்டு வர்றாங்கன்னு ஒரு காலத்துல சைக்கியாட்ரி எவ்வளவு குடும்பங்கள அழ வச்சுச்சு, அந்தப் பாவத்த திரும்ப செய்யாதீங்க. ஈஈ நோய உண்டாக்குதுன்னு யாரும் காட்டல. நோயால வீடு களைச்சுப் போகுது, களைச்ச வீட்டால நோய் கிளம்புது, ரெண்டு பக்கமும் சுத்துது. அப்போ குறைச்சா பலன் இருக்கான்னு கேட்டா, இருக்கு. லெஃப் டீம் 1982ல ஹை ஈஈ இருந்த 24 குடும்பங்கள எடுத்தாங்க, எல்லா நோயாளிகளும் மருந்துலதான் இருந்தாங்க. சும்மா விட்ட குரூப்ல ஒம்பது மாசத்துல பாதிப் பேருக்கு ரிலாப்ஸ், குடும்பத்தோட வேலை செஞ்ச குரூப்ல ஒரே ஒருத்தருக்குத்தான்.

நாங்க செஞ்சது பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல. மூணு சிட்டிங்ல அப்பாவுக்கு நெகட்டிவ் சிம்ப்டம்னா என்னன்னு சொன்னோம், வார்டுல அதே மாதிரி படுத்திருந்த வேற ஆளுங்களையும் அவரே பாத்துட்டுப் போனாரு, அதுதான் எங்க பேச்ச விட அதிகமா வேலை செஞ்சுச்சு. அப்புறம் நேரம். பையன் வாரத்துல அஞ்சு நாள் டே கேர், அப்பா சாயங்காலம் தெரிஞ்சவர் கடைல கணக்கு எழுதப் போறாரு, எழுவது மணி நேரம் முப்பதுக்கு வந்துச்சு. வீட்டுல பையனுக்கு ஒரே வேலை, காலைல பால் வாங்கிட்டு வரணும், எட்டு மணிக்குப் போனாலும் சரி, பத்துக்குப் போனாலும் சரி. செய்யலன்னா அப்பா எதுவும் சொல்லாம எழுந்து வெளிய போயிடணும், இதுக்குத்தான் அவரு ரொம்பக் கஷ்டப்பட்டாரு, ரெண்டு தடவ திரும்ப வந்து திட்டிட்டேன்னு ஓபில சொன்னாரு.

பதினாலு மாசம் ஆச்சு, அட்மிஷன் இல்ல. நடுவுல ஒரு தடவ தூக்கம் கெட்டுச்சு, சந்தேகம் லேசா எட்டிப் பாத்துச்சு, மருந்தக் கொஞ்சம் ஏத்தினோம், அடங்கிடுச்சு. அதனால ஈஈ குறைஞ்சுருச்சேன்னு டிப்போவ நிறுத்தலாமான்னு கேக்காதீங்க, லோ ஈஈ வீட்லயும் அந்த 13 சதவீதம் இருக்கு. அம்மா இன்னும் பக்கத்துலதான் படுக்குறாங்க, அத மாத்த எங்களால முடியல. அப்பா மட்டும் போன வாரம் ஓபில, நான் எதுவும் கேக்காமலே, "பால் வாங்கிட்டு மீதி சில்லறைய சரியா எண்ணித் தர்றான் சார்"னு சொன்னாரு, பிஜி அத ஷீட்ல எழுதிக்கிட்டாங்க.